பத்துக் கண்ணுக்கு ஒரு கொக்கி: பால்கனிக்கு வலை கட்டும் முறை

பால்கனி வலை நடுவில் கிழிந்துதான் வீணாகும் என்று நினைத்துப் பலரும் கடையில் நூலின் தடிமனை மட்டும் விசாரித்துவிட்டு வருகிறார்கள். நான் பார்த்த வரையில் வலை பெரும்பாலும் ஓரத்தில்தான் தோற்கிறது. மயிலாடுதுறையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் முதன்முதலாக வலை கட்டியபோது, இடது மூலையில் தொடங்கி ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டே வலது மூலைக்குப் போனேன். ஒவ்வொரு கொக்கியிலும் நன்றாக இழுத்துக் கட்டியதால், வலது மூலையை நெருங்கியபோது வலை ஒரு சாண் மிஞ்சிப்போய்த் தொங்கியது. மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். அடுத்து வந்த ஆடிக்காற்றில் இடது மேல் மூலைக் கொக்கி, சுவர்த் துளையில் அடித்திருந்த பிளாஸ்டிக் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கே அதற்கடுத்த நான்கு கொக்கிகளும் வரிசையாக வந்துவிட்டன. வலையில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

காரணம் எளிது. எல்லாக் கொக்கிகளும் ஒரே அளவு விறைப்பில் இருந்தால், காற்று தள்ளும்போதோ ஒரு குழந்தை சாயும்போதோ அந்தச் சுமை முப்பது கொக்கிகளுக்கும் பிரிந்து போகிறது. ஓரிடத்தில் மட்டும் வலை விறைப்பாக இருந்தால், பக்கத்திலுள்ள தளர்ந்த பகுதி நிமிர்வதற்கு முன்பே மொத்தச் சுமையும் அந்த ஒரு கொக்கியின் மேல் விழுகிறது. அது வந்துவிட்டால் அடுத்ததன் முறை. ஆகவே வலை கட்டும் வேலையில் பாதிக்கு மேல் விறைப்பைச் சமமாகப் பங்கிடும் வேலைதான். அதை எப்படிச் செய்வது என்பதை, பிறகு கும்பகோணத்தில் என் மகள் வீட்டுப் பால்கனியில் கட்டிய வலையை வைத்தே சொல்கிறேன்.

அது இரண்டாம் மாடி. மேற்குப் பார்த்த பால்கனி. மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே உள்ள பீமுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறடி திறப்பு, அகலம் பத்தடி. இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் கோபுரம் இருப்பதாலும், பக்கத்து மொட்டைமாடிகளில் நெல்லும் வடகமும் காய்வதாலும் மாடப்புறாக்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். புறாவைத் தடுக்கவும் பேரனைக் காக்கவும் ஒரே வலை போதுமா என்பதுதான் மகளின் கேள்வி. போதும், ஆனால் கடினமான தேவை எதுவோ அதற்கேற்பக் கட்ட வேண்டும். அதோடு, வலை கைப்பிடிச் சுவருக்கு மாற்றாகாது என்பதையும், பெரியவர்கள் முழு உடம்போடு சாய்ந்தால் தாங்குவதற்காக இது கட்டப்படவில்லை என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

வலையும் சாமான்களும்

புறாவை மட்டும் தடுப்பதாக இருந்தால் 50 மில்லிமீட்டர் கண் உள்ள மெல்லிய வலை போதும். குழந்தை இருக்கும் வீட்டில் 25 முதல் 30 மில்லிமீட்டர் கண்ணும், தடித்த பின்னல் நூலும் வேண்டும். கண் சிறிதானால் பிஞ்சுக் கால்விரல் நுழைத்து ஏறுவது கடினமாகிறது. கண்ணின் அளவைக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மீன்வலை விற்கும் கடைகளில் கண்ணை இழுத்து நீட்டி, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பதுண்டு. அந்தக் கணக்கில் 60 என்றால், சதுரமாக விரிக்கும்போது பக்கம் 30தான். அதனால் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல், அடுத்தடுத்த இரண்டு முடிச்சுகளுக்கு இடையே அடிஸ்கேலை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். நாகப்பட்டினம் பக்கம் உறவினர் இருப்பவர்கள் பழைய மீன்வலையை வாங்கி வந்து கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். கொய்யா மரத்துக்குப் போட அது நல்ல வலை. எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று தெரியாத நூலைக் குழந்தைக்கு நம்பிக் கட்டக் கூடாது.

நாங்கள் 30 மில்லிமீட்டர் கண்ணுள்ள, வெயில் தாங்கும்படி தயாரித்த நைலான் வலையில் பன்னிரண்டுக்கு எட்டடித் துண்டு வாங்கினோம். கொக்கிகள் வாய் திறந்தவையாக இல்லாமல், முழு வளையமாக மூடிய தலை உள்ளவையாக இருப்பது நல்லது. கும்பகோணத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் சாதாரண ரகமே போதும். கடற்காற்று படும் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற இடங்களில் 316 என்ற ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முலாம் பூசிய இரும்பு அங்கே சீக்கிரம் துருவேறிவிடும்.

கேபிள் டை கறுப்பாக, வெயில் தாங்கும் ரகம் என்று பாக்கெட்டில் அச்சிட்டதாக இருக்கட்டும். வெள்ளை டை வீட்டுக்குள் ஒயர் கட்டுவதற்கானது. மேற்கு வெயிலில் அது நொறுங்கிப்போகும். 4.8 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண டை புதிதாக இருக்கும்போது 22 கிலோ வரை தாங்கும் என்பார்கள். ஆனால் வெயிலில் வருடங்கள் போகப்போக அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வரும். ஆகவே டையை வலையை அதனதன் இடத்தில் நிறுத்திவைக்கும் சாமானாகத்தான் நான் கருதுகிறேன். சுமையைத் தாங்க, கொக்கிகளுக்குள் ஓடும் 5 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் ஓரக்கயிறும், வலையை அந்தக் கயிற்றோடு சேர்த்துத் தைக்க ஒரு மெல்லிய கயிறும் வேண்டும். ஓரக்கயிற்றுக்கு நைலான் வேண்டாம். நனைந்தால் அது நீளும்.

கொக்கி அடிக்கும் முன்

கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புறா வழக்கமாக இரண்டு முட்டை இடும். பொரிக்க ஏறத்தாழ 18 நாள், குஞ்சு பறக்க அதன்பின் நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள். குஞ்சை உள்ளே வைத்து வலை கட்டினால் தாய்ப்புறா வலையோடு மோதிக்கொண்டே இருக்கும். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி மூச்சில் ஏறி நுரையீரலுக்குக் கேடு செய்யும். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சுரண்டி எடுக்க வேண்டும்.

வலையைச் சுவரின் எந்த விளிம்பில் கட்டுவது என்பதை அடுத்து முடிவு செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரின் வெளிவிளிம்பில் கட்டினால் சுவரின் மேற்பரப்பும் வலைக்குள் வந்துவிடும். புறா அங்கே உட்கார முடியாது. ஆனால் குழந்தை ஏறி நிற்க அதே மேற்பரப்பு ஒரு திண்ணையாகிவிடும். உள்விளிம்பில் கட்டினால் குழந்தைக்கு ஏறி நிற்க இடமே கிடைக்காது. புறா மட்டும் வெளியே சுவர்மேல் உட்கார்ந்து அசுத்தம் செய்யும். பேரன் இருப்பதால் உள்விளிம்பையே தேர்ந்தோம், சுவர்மேல் விழும் எச்சத்தைப் பொறுத்துக்கொண்டோம். சுவருக்குப் பதிலாகக் குறுக்குக் கம்பிகள் வைத்த கைப்பிடி உள்ள வீடுகளில், தரையிலிருந்தே கம்பிகளுக்கு உட்புறமாக வலை வர வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பிகளே குழந்தைக்கு ஏணியாகும். உள்பக்கம் கட்டுவதால் இன்னொரு நன்மை, வேலை செய்பவர் வெளியே எட்டவே வேண்டியதில்லை.

இருந்தாலும் மேல் வரிசை ஆபத்தானதுதான். தரையில் நிற்கும்போது இடுப்பளவு இருக்கும் சுவர், ஸ்டூலில் ஏறியதும் முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. மேல் வரிசைக்குத் துளையிடுபவர், உடம்பு முழுக்க மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டை வீட்டுக்குள் உறுதியான தூணிலோ பீமிலோ கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் அந்த ஒரு வரிசையை மட்டுமாவது தொழிலாளிகளிடம் விட்டுவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மற்ற மூன்று பக்கமும் எங்கள் கைவேலை.

துளையும் கொக்கியும்

கொக்கியின் தண்டு, வலை இழுக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் நேர்மேலாகத் திருகிய கொக்கியை வலை நேர்கீழே இழுக்கிறது. பாட்டில் மூடியைத் திறப்பது போல அது பிளக்கைப் பிடுங்கிவிடப் பார்க்கும். அதையே பீமின் உள்முகத்தில் திருகினால் தண்டு கிடைமட்டமாக இருக்கும், இழுப்பு அதற்குக் குறுக்கே விழும். கீழே கைப்பிடிச் சுவரின் உள்முகத்தில், விளிம்பிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே தள்ளித் திருக வேண்டும். இல்லாவிட்டால் சுவர்முனை பெயர்ந்துவிடும். எங்கள் பால்கனியில் இருபுறமும் தூண்கள் இருந்ததால் அவற்றின் உள்முகம் கிடைத்தது. பக்கச்சுவரில் நேராகத்தான் திருக முடியும் என்ற நிலை உள்ளவர்கள், அங்கே பிளக்குக்குப் பதிலாக விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் போட்டுக்கொள்ள வேண்டும்.

கொக்கிகளுக்கு இடையே ஓரடி. மேலே மூலைகளைச் சேர்த்துப் பதினொன்று, கீழேயும் பதினொன்று, இரு பக்கமும் நடுவில் ஐந்தைந்து, மொத்தம் முப்பத்திரண்டு. நூலில் சுண்ணப்பொடி தடவிச் சுண்டி நேர்க்கோடு போட்டு, கோட்டின்மேல் ஓரடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். பால்கனி விளக்குக்குப் போகும் ஒயர் பைப் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து அந்த இடத்தை விலக்கிவிடுங்கள்.

6 மில்லிமீட்டர் டிரில் பிட்டில், முனையிலிருந்து 45 மில்லிமீட்டரில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தானாகச் சரியாக வரும். துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனியுங்கள். முதலில் பூச்சின் தூள் கொட்டும்; பிறகு சாம்பல் நிறமாகவே, பிட்டுக்கு எதிர்ப்புக் கொடுத்தபடி வந்தால் கான்கிரீட், சிவப்பாக வந்தால் செங்கல். இரண்டும் நல்லதே. சிவப்பு தெரியாமல் மணல் போலப் பொலபொலவென்று கொட்டி, பிட் எளிதாக உள்ளே போனால் நீங்கள் செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் இருக்கிறீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பழைய வீடுகளில் அது சுண்ணாம்புச் சாந்தாகவும் இருக்கலாம். பிளக் அதில் பிடிக்காமல் சுற்றும். அந்தத் துளையை அடைத்துவிட்டு ஓரிரு அங்குலம் தள்ளி, செங்கல்லின் நடுவே புதிதாகத் துளையிடுங்கள். தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கை அடிக்க வேண்டும். கொக்கியைக் கடைசிச் சுற்றுகளில் இடுக்கியால் திருகும்போது கை வலிக்கும் அளவுக்கு எதிர்ப்பு இருந்தால் அது பிடித்திருக்கிறது என்று பொருள்.

இனி ஓரக்கயிறு. நான்கு பக்கத்துக்கும் ஒரே கயிற்றைச் சுற்றிவிடாமல் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கயிறு போடுங்கள். ஒன்று தளர்ந்தாலும் மற்ற மூன்றும் நிற்கும். மூலைக் கொக்கியில் இரட்டை முடிச்சுப் போட்டு, எல்லா வளையங்களுக்குள்ளும் விட்டு, மறுமூலையில் ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றவர் முடிச்சிட வேண்டும். இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கயிற்றை விரலால் இழுத்தால் ஒரு விரல் அகலத்துக்கு மேல் வளையக் கூடாது.

விறைப்பைப் பங்கிடுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். கண் 30 மில்லிமீட்டர் என்றால் பத்துக் கண் 300 மில்லிமீட்டர். ஓரடி என்பது ஏறத்தாழ 305. பத்துக் கண்ணுக்கு ஒரு கொக்கி என்று கணக்கு வைத்தால், ஒவ்வோர் அடியிலும் வலை 5 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். அந்தக் குறைதான் விறைப்பாக மாறுகிறது. பத்தடி அகலத்துக்கு நூறு கண், ஆறடி உயரத்துக்கு அறுபது கண். கையால் எவ்வளவு இழுத்தோம் என்ற யூகத்துக்கு இதில் வேலையே இல்லை, எண்ணினால் போதும். உங்கள் வலையின் கண் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், பத்தடிக்கு வலை 5 சென்டிமீட்டர் குறையும்படி கண்களின் எண்ணிக்கையை மாற்றி, அந்த வேறுபாட்டை ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாக விடுங்கள்.

வலையைக் கூடத்தில் விரித்து, நூறுக்கு அறுபது என்று எண்ணி எல்லை குறித்தோம். எல்லைக்கு வெளியே சுற்றிலும் இரண்டு கண் விட்டு வெட்டினோம். அந்த இரண்டு கண்ணும் மடிந்து ஓரம் இரட்டையாகிவிடும். பின் எல்லையில் ஒவ்வொரு பத்தாவது முடிச்சிலும் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் கட்டினோம். இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மகள், "என்னப்பா, வலை கட்டுறீங்களா, பூ தொடுக்கிறீங்களா?" என்றாள். பொறுமையில் இரண்டும் ஒன்றுதான்.

முதலில் நான்கு மூலைகளையும் கேபிள் டையால் ஓரக்கயிற்றோடு கட்டுங்கள். ஆனால் இறுக்க வேண்டாம், ஒரு விரல் நுழையும் வளையமாக விடுங்கள். டை ஒரு முறை இறுகினால் திரும்பத் தளராது என்பதை மறக்கக் கூடாது. அடுத்து மேல் நடுவில் உள்ள ஆறாவது கொக்கி, அதற்கு நேர்கீழே ஆறாவது, பிறகு இடப்பக்க நடு, வலப்பக்க நடு. இப்போது வலை எட்டு இடங்களில் நிற்கிறது. அதன்பின் ஒவ்வோர் இடைவெளியையும் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும்: மேலே மூன்றாவது என்றால் உடனே கீழே மூன்றாவது, மேலே ஒன்பதாவது என்றால் கீழே ஒன்பதாவது. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். இங்கே ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று சுற்றிவருவார். வலைக்கும் அந்த முறைதான். சிவப்பு அடையாளம் ஒவ்வொன்றும் அதனதன் கொக்கியின் அருகே வந்து நிற்க வேண்டும்.

முப்பத்திரண்டும் கட்டியான பிறகுதான் இறுக்க வேண்டும். டையின் வாலை இழுத்தால் பல் ஒவ்வொன்றாக 'டிக்' என்று ஏறும் ஓசை கேட்கும். முதல் சுற்றில் எல்லா டையையும் தளர்வு போகும் வரை மட்டும் இழுங்கள். இரண்டாம் சுற்றில், முன் சொன்ன அதே எதிரெதிர் வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு 'டிக்'. தேவைப்பட்டால் மூன்றாம் சுற்றில் இன்னும் இரண்டு. ஓரிடம் தளர்வாகத் தெரிகிறதே என்று அங்கே மட்டும் ஆறு 'டிக்' இழுத்தீர்களானால், நான் மயிலாடுதுறையில் செய்த தவற்றையே செய்கிறீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்பதை வலையின் கண்ணே சொல்லும். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கண்கள் எங்கும் சதுரமாக இருந்தால் விறைப்பு சமம். ஓரிடத்தில் கண்கள் சாய்ந்து சாய்சதுரமாகி, அந்தச் சாய்வு ஒரு கொக்கியை நோக்கி வரிசையாக ஓடினால், அந்தக் கொக்கி அளவுக்கு மீறிச் சுமக்கிறது. அந்த டையை வெட்டிவிட்டுப் புதியதைத் தளர்வாகப் போட வேண்டும். எங்கள் வலையில் வலது கீழ் மூலையருகே அப்படி ஒரு கோடு தெரிந்தது. எண்ணிப் பார்த்தால், இரண்டு அடையாளங்களுக்கு நடுவே பத்துக்குப் பதில் ஒன்பது கண்தான் இருந்தது. பிறகு நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று அங்குலம் உள்வாங்கி, கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும். உள்வாங்கியே நிற்கும் தளர்ந்த வலையில் புறாவின் கால் சிக்கிக்கொள்ளும். அசையவே அசையாத வலை கொக்கிகளை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

சரியானதும் கொக்கிகளுக்கு இடையே இரண்டிரண்டு டை கூடுதலாகப் போடுங்கள். இதற்கு 64 ஆகும். முன்னவற்றோடு சேர்த்து 96. நூறு உள்ள பாக்கெட் சரியாக இருக்குமே என்று நினைக்காமல் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டி வீணாவது நிறைய இருக்கும். வால்களைத் தலையோடு ஒட்டி வெட்ட வேண்டும். மிச்சம் விட்டால் அந்தக் கூர் குழந்தையின் கையைக் கிழிக்கும். தலைகளையும் வெளிப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, மெல்லிய கயிற்றை எடுத்து, வலையின் இரட்டை ஓரத்தையும் ஓரக்கயிற்றையும் சேர்த்து இரண்டு கண்ணுக்கு ஒரு சுற்று என்று நான்கு பக்கமும் தைத்துக்கொண்டே வாருங்கள். அடிக்கு ஒரு முடிச்சு போட்டால் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுத் தையலும் உருவிக்கொண்டு போகாது. இதற்கு நூறடிக் கயிறு பிடிக்கும். புறாவுக்கு மட்டும் கட்டுபவர்கள் இந்தத் தையலை விட்டுவிடலாம். குழந்தைக்காகக் கட்டுபவர்கள் விடக் கூடாது. டைகள் ஒருநாள் உதிரும். அன்றைக்கும் வலை நிற்க வேண்டும்.

கட்டிய பிறகு

நைலான் நனைந்தால் சற்று நீளும், காய்ந்தால் பழையபடி இறுகும். அதனால் முதல் பெருமழைக்கு மறுநாள் வலை தொய்ந்ததாகத் தெரிந்தால் உடனே இறுக்க ஓடாமல், காய்ந்த பிறகு பாருங்கள்; அப்போதும் தொய்வு இருந்தால் புதிய டை போட்டுச் சுற்றிலும் சமமாக இறுக்குங்கள். ஆடிக்கு முன் ஒரு தடவையும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும் எல்லா டைகளையும் விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வெளுத்து மயிரிழை வெடிப்பு விட்டவற்றை மாற்றுங்கள். நூலை விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மாவு போல ஒட்டுகிறதென்றால் வலையையே மாற்றும் காலம் வந்துவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் காலையிலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ராக்கெட்டின் ஒரு பொறி பட்டாலே நூல் உருகி, பட்டாணி அளவுக்கு முனை கருத்துத் தொங்கும். நாங்கள் வெட்டி எடுத்துவைத்த மிச்ச வலையில் ஒரு கைக்குட்டை அளவு துண்டு, சென்ற தீபாவளிக்கே அந்த வகையில் பயன்பட்டுவிட்டது.

வலை இருக்கிறதே என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் பால்கனிச் சுவரோரம் போட்டுவைக்காதீர்கள். கும்பகோணத்தில் குரங்குகள் வந்துபோகும் தெருக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அவை இந்த வலையைப் பல்லால் கடித்து ஒரே மதியத்தில் வழி செய்துகொள்ளும், அங்கே இரும்புக் கிராதிதான் தேவைப்படும்.